கலைச்சொல் விவாதம்: பானத்தினுள் புகுந்து வரும் ஒளிக்கு என்ன பெயர்?

சுமதி:
அனைவருக்கும் வணக்கம். படம் உருவாக்கும் கருவிகளுக்கு ப்ராம்ப்ட் எழுதுபவர்களுக்கான நம் சொற்பட்டியலில் குளிர்பானப் பகுதியை எடுத்திருக்கிறேன். தெறிப்பு, பின்னொளி இரண்டுக்கும் யாரும் மறுப்புச் சொல்லவில்லை. பின்னாலிருந்து வரும் ஒளி பானத்துக்குள் புகுந்து, அதன் நிறத்தை எடுத்துக்கொண்டு நம் பக்கம் வருகிறதே, அந்தத் தோற்றத்துக்குத்தான் சொல் வேண்டும். பாடநூல்களில் 'ஒளி கசியும் பொருள்' என்று இருப்பதால் 'ஒளிக்கசிவு' எனக் குறித்து வைத்திருக்கிறேன். சரிதானா?

கார்த்திக்:
அக்கா, இதற்குத் தனிச்சொல் எதற்கு? பின்னொளி என்று எழுதினாலே போதும். பின்னால் விளக்கு இருந்தால் எந்தப் பானமும் தகதகவென்று தெரியும். ஆரஞ்சுச் சாறு, மாதுளைச் சாறு இரண்டுக்கும் அப்படித்தான் எழுதினேன், நன்றாகவே வந்தது.

ராஜசேகரன்:
கார்த்திக், நீங்கள் எடுத்த இரண்டும் பழச்சாறு. பால் சேர்த்த குளிர்காபிக்கு அதையே எழுதிப் பாருங்கள். பாலில் உள்ள நுண்ணிய கொழுப்புத் துளிகள் ஒளியைச் சிதறடித்துவிடும். பின்னால் எவ்வளவு பெரிய விளக்கு வைத்தாலும் கோப்பையின் நடுப்பகுதி மங்கலாகவே இருக்கும், விளிம்பில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் தெரியும். பாலில்லாத காபி வேறு மாதிரி. அது தெளிவான திரவம்தான், ஆனால் நிறம் அடர்த்தி. நடுவில் கருப்பாகவும், திரவம் மெலிதாக இருக்கும் ஓரங்களிலும் பனிக்கட்டிகளுக்குப் பக்கத்திலும் செம்பழுப்பாகவும் தெரியும். ஆக, பின்னொளி என்பது விளக்கு இருக்கும் இடம். சுமதி கேட்பது பானத்துக்குள் நடப்பது. இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும்.

ஆனால் 'ஒளிக்கசிவு' வேண்டாம். கேமராவின் உடலில் இருக்கும் இடுக்கு வழியாக வெளிச்சம் புகுந்து ஃபிலிம் கெடுவதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அது ஒரு பழுது. ப்ராம்ப்ட் எழுதுகிறவர்கள் பழைய ஃபிலிம் தோற்றத்துக்காக அதையும் கேட்பார்கள், குழப்பம் வரும். 'ஊடொளிர்வு' என்று வைக்கலாமா?

நிலா:
கண்ணாடி மேல் இருக்கும் நீர்த்துளிகளைப் பற்றித்தானே பேச்சு? எனக்கு அதில்தான் தொல்லை. 'ஆவி சுருங்குதல்' என்பதன் ஆங்கிலச் சொல்லை அப்படியே போட்டால் கோப்பை முழுக்கப் புகை படிந்தது போல வருகிறது. சில படங்களில் துளிகள் கண்ணாடிக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கின்றன.

ராஜசேகரன்:
நிலா, சுமதி கேட்டது அதில்லை, ஆனாலும் உங்கள் கேள்வி முக்கியமானது. ஆவி சுருங்குதல் நிகழ்வின் பெயர். படத்துக்கு வேண்டியது அதனால் உண்டாகும் துளி. அதையே நேராகக் கேளுங்கள். வெளிப்பக்கம் என்றும், பானம் நிற்கும் மட்டம் வரை என்றும் எழுதுங்கள். அந்த மட்டத்துக்கு மேலே கண்ணாடி அவ்வளவு குளிர்ந்திருக்காது, துளியும் குறைவாகவே இருக்கும். பனிக்கட்டி விளிம்பு வரை நிறைந்திருந்தால் கதை வேறு. நான் இப்படி எழுதுவேன்:

```
glass of iced black coffee, lit only from behind,
reddish-brown glow at the thin edges, dark center,
water beads on the outside, up to the liquid line,
one ice cube dropping in, splash rising from that spot
```

கடைசி வரி இல்லாவிட்டால் தெறிப்பு எதிலிருந்து எழுந்தது என்றே தெரியாமல் அந்தரத்தில் நிற்கும்.

வந்த படம் சரியா என்று பார்க்கத் துளியைப் பெரிதாக்குங்கள். ஒவ்வொரு துளியும் ஒரு குட்டி லென்ஸ். ஒளி பின்னாலிருந்து மட்டும் வந்தால் துளியின் ஓரம் கருத்தும் நடுப்பகுதி வெளிச்சமாகவும் இருக்கும். எல்லாத் துளிகளின் இடது மேல்பக்கத்திலும் வெள்ளைப் புள்ளி மின்னினால், முன்னால் ஒரு விளக்கைக் கருவி தானாகச் சேர்த்திருக்கிறது. அப்புறம் ஓரத்தின் செம்பழுப்பும் எடுபடாது.

தமிழரசன்:
ராஜசேகரன் ஐயாவின் விளக்கம் தெளிவு. 'ஊடொளிர்வு' மட்டும் உறுத்துகிறது. ஒளிர்தல் என்றால் பொருள் தானே ஒளியை உமிழ்வது. இயற்பியலில் அந்தச் சொல்லுக்கு வேலை இருக்கிறது. காபி தானாக ஒளிர்வதில்லை. 'ஊடொளி' என்று நிறுத்திக்கொள்வோம்.

கார்த்திக்:
பால் காபிக்குப் போட்டுப் பார்த்தேன். கருவி அதையும் தேநீர் போலச் செம்பொன்னாகக் காட்டுகிறது. பார்க்க அழகுதான், ஆனால் பால் காபியாகத் தெரியவில்லை. 'ஊடொளி' இருக்கட்டும், விளக்கத்தில் பால் கலந்தவற்றுக்கு இதை எழுத வேண்டாம் என்று சேர்த்துவிடுங்கள் அக்கா.

சுமதி:
சரி, 'ஊடொளி' என்றே சேர்க்கிறேன், கார்த்திக் சொன்ன குறிப்போடு. துளிக்கு 'புறத்துளி' என்று எழுதி வைத்தேன். வெளிப்பக்கம் என்பது சொல்லிலேயே வந்துவிடுகிறது.

நிலா:
'வியர்வைத் துளி' எளிதாகப் புரியுமே அக்கா. சொம்பு வியர்த்திருக்கிறது என்றுதானே சொல்கிறோம்?

தமிழரசன்:
மனித முகத்துக்கான பகுதியில் வியர்வைத் துளி ஏற்கெனவே இருக்கிறது, நிலா. ஆனாலும் 'புறத்துளி' என்றால் கோப்பைக்கு வெளியே மேசையில் சிந்தியதும் அடங்குமே. அதற்கு ஒரு வழி சொன்னால் நான் ஒப்புக்கொள்கிறேன்.