புதுப்பிப்பு: கணக்கை ஒப்படைத்த நாள்

முன்பு இங்கே நான் கேட்டிருந்தது: "10ஆம் தேதியோடு கடைக் கணக்கு வேலையை விடுகிறேன். புதுசா வர்றவங்களோட ஒரு மதியம் உட்காரணும். என்னென்ன சொல்லணும், எதெல்லாம் கொடுக்கணும்?"

கீழமாசி வீதிக் கடையில் 8ஆம் தேதி புதிதாக வந்த பெண்ணும் நானும் உட்கார்ந்தோம். கோப்புப் பட்டியல் கொடுத்தால் போதும் என்று இங்கே ஒருவர் பதில் சொன்னது பாதிதான் சரி. வங்கிப் பாஸ்புக், பாக்கி நோட்டு, சம்பளப் பதிவேடு எல்லாம் பட்டியல்படி கைமாறின. ஆடிட்டர் ஆபீஸ் அக்கா சொன்னதுதான் காப்பாற்றியது: "நீ விளக்காதே தம்பி, அந்தப் பொண்ணையே செய்ய விடு."

11ஆம் தேதிக்குள் போட வேண்டிய ஜிஎஸ்டி விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1ஐ அந்தப் பெண்ணே தயார் செய்தார். கடைசியில் ஓடிபி என் கைப்பேசிக்கு வந்தது! ஜிஎஸ்டி பதிவில் கையெழுத்திடும் அதிகாரம் முதலாளிக்குத்தான், எண் மட்டும் என்னுடையது. நான் போன பிறகு என்றால் 20ஆம் தேதிக்குள் வரி கட்டிப் போட வேண்டிய ஜிஎஸ்டிஆர்-3பி-யும் நின்றிருக்கும். முதலாளியை வைத்துக்கொண்டே பதிவுத் திருத்தத்தில் என் எண்ணுக்குப் பதிலாக முதலாளியின் எண்ணையும் மின்னஞ்சலையும் போட்டோம்.



மேலூர் வியாபாரிகளுக்கு வாய்மொழியாகத் தந்த தள்ளுபடி மட்டும் எங்கும் எழுத்தில் இல்லை. நினைவிருந்ததை எழுதிக் கொடுத்தேன்; முதலாளி இன்னும் சரிபார்க்கவில்லை.