விலை பட்டனுக்கு அடியில போயிருச்சு: ஒரே டிசைனா, மூணு டிசைனா?

விளக்குத்தூண் ஜவுளி
எங்களுது சின்ன சுங்குடிக் கடை. ஆடித் தள்ளுபடிக்கு 1080×1920-ல ஒரு படம் பண்ணி இன்ஸ்டாகிராம்ல விளம்பரமா விட்டோம். மேல கடைப்பேரு, நடுவுல சேலை, கீழ "650 ரூபாயிலிருந்து", அதுக்கும் கீழ போன் நம்பர். ஸ்டோரியில விலை தெரியுது, நம்பர் தெரியல. ரீல்ஸ்ல ரெண்டுமே தெரியல. ஃபீடுக்கு 4:5-ஆ வெட்டுனா கடைப்பேரு போயிருது. ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியா பண்ணணுமா, ஒரே படத்த வச்சு ஒப்பேத்திரலாமா?

கட்டம்_கட்டி
சதுரமா 1080×1080-ல ஒண்ணு பண்ணுங்க, சோலி முடிஞ்சுது. எல்லா இடத்துலயும் போடலாம். நெட்டப் படத்துல போனாலும் மேலயும் கீழயும் ஏதாவது கலர் நிரப்பிக்கிரும், எழுத்து ஒண்ணும் வெட்டுப்படாது. எங்க கஸ்டமர் எல்லாத்துக்கும் நான் இதத்தான் பண்ணிக் குடுக்குறேன்.

திருமங்கலம் பிளக்ஸ்
நம்ம பிரிண்டிங்ல ஓரத்துல ரெண்டு இஞ்ச் விட்டுருவோம், மடிச்சு அடிக்கிறதுக்கு. அதத்தான கேக்குறீங்க? பஸ் ஸ்டாண்டு எல்இடி போர்டுக்கு அகலப்படம் பண்றப்பல்லாம் நான் ஓரமே விடுறதில்ல. ஒரு எழுத்து மறைஞ்சதில்ல.

தெப்பக்குளம் எடிட்டர்
பிளக்ஸ் அண்ணே, அந்த போர்டுல உங்க படத்து மேல யாரும் பட்டன் ஒட்டுறதில்ல. இங்க ஆப்பு தன்னோட சாமான்களக் கொண்டாந்து படத்து மேலயே வைக்குது, அதான் வித்தியாசம்.

விளக்குத்தூண், ஒரு விஷயம் சொல்லுங்க. கடைப்பேரு, விலை, நம்பர் மூணும் மேலேருந்து எத்தனையாவது பிக்சல்ல இருக்கு?

விளக்குத்தூண் ஜவுளி
பேரு 200-ல, விலை 1400-ல, நம்பர் 1600-ல. கேன்வாவுல பாத்துச் சொல்றேன். இன்னொண்ணு, என் தம்பி இதே படத்த வீடியோவாக்கி சாதாரண ரீலா போட்டுப் பாத்தான், அதுல விலை தெரிஞ்சுச்சே!

தெப்பக்குளம் எடிட்டர்
அப்ப காரணம் தெளிவாயிருச்சு. மெட்டா சொல்ற கணக்கு இது: ஸ்டோரி விளம்பரத்துல மேல 14%, கீழ 20% எழுத்து இல்லாம விடணும். ரீல்ஸ் விளம்பரத்துல மேல அதே 14%, கீழ 35%, ரெண்டு பக்கமும் 6%. 1920 உயரத்துக்குப் போட்டுப் பாருங்க. ஸ்டோரியில கீழ 1536 வரைக்கும் உங்களுக்கு, அதனால 1400-ல உள்ள விலை தப்பிச்சுது, 1600-ல உள்ள நம்பர் மாட்டுச்சு. ரீல்ஸ்ல 1248-லயே எல்லை முடிஞ்சுருது, ரெண்டும் போச்சு. மேல 269 வரைக்கும் ஆகாது, 200-ல உள்ள கடைப்பேருக்கும் ஆபத்துதான். 4:5-க்கு நடுவுல வெட்டுனா 285-லருந்துதான் படமே ஆரம்பிக்கும். பேரு காணாமப் போனது அதனாலதான்.

தம்பி போட்டது சாதாரண ரீல். விளம்பரத்துல "மேலும் அறிக" மாதிரி ஒரு பட்டன் கூடுதலா வரும், கணக்குப் பேரும் கேப்ஷனும் அதுக்கு மேல ஏறி உக்காந்துக்கிரும். அதனால சோதிக்கிறதுன்னா விளம்பர மேனேஜர் முன்னோட்டத்துல, ரீல்ஸ் இடத்தையே தேர்ந்தெடுத்துப் பாருங்க.

கட்டம்_கட்டி
இதுக்குத்தான் சதுரம்னேன். இவ்வளவு கணக்கு எதுக்கு?

தெப்பக்குளம் எடிட்டர்
சதுரத்த நெட்டப் படத்துக்கு நடுவுல வச்சுப் பாருங்க தம்பி. 420-ல ஆரம்பிச்சு 1500-ல முடியும். ரீல்ஸ் எல்லை 1248. சதுரத்தோட கீழ்ப்பகுதி 252 பிக்சல், கிட்டத்தட்ட கால்வாசி, பட்டனும் கேப்ஷனும் வர்ற இடத்துல கிடக்கு. எல்லாரும் விலைய எங்க போடுவாங்க? அங்கதான. வெட்டுப்படாதுன்னு நீங்க சொன்னது சரி. மறைபடாதுன்னு அர்த்தம் இல்ல.

செல்லூர் மீடியா
நான் ரெண்டு பேர் கட்சியும் இல்ல. ரீல்ஸ்ல முழுத்திரையப் பிடிக்காத படம் பாதி வெறுங்கலரா தெரியும், யாரு நிப்பா? நெட்டைக்கு ஒண்ணு, ஃபீடுக்கு 4:5-ல ஒண்ணு, அகலத்துக்கு ஒண்ணு, தனித்தனியா பண்ணணும். ஒரே விளம்பரத்துக்குள்ளயே ஒவ்வொரு இடத்துக்கும் வேற படம் ஏத்துற வசதி இருக்கு. அத விட்டுட்டு ஒரே படத்த நறுக்குறது சோம்பேறித்தனம்.

விளக்குத்தூண் ஜவுளி
அக்கா, ஒரு டிசைனுக்கே டிசைனர் காசு கேக்குறார். தள்ளுபடி வாராவாரம் மாறுது. மூணு மூணா எப்படிப் பண்றது?

தெப்பக்குளம் எடிட்டர்
செல்லூர் அக்கா சொல்ற முழுத்திரை நியாயம். ஆனா இந்தக் கடைக்கு நெட்டப்படம் ஒண்ணுலயே ஃபீடையும் சேத்து முடிக்கலாம். ரீல்ஸ்ல எழுத்துக்கு மிஞ்சுற இடம் 950 அகலம், 979 உயரம். அதாவது நெட்டப் படத்துக்குள்ள எழுத்துக்குன்னு கிடைக்கிறதே ஒரு சதுரம்தான், அதுவும் நடுவுல இல்லாம மேல தள்ளி உக்காந்திருக்கு.

முதல்ல 1080×1920 பலகையில நாலு சிவப்புப் பட்டை போடுங்க: மேல 269 உயரம், கீழ 672 உயரம், ரெண்டு பக்கமும் 65 அகலம். ஒளி ஊடுருவுற மாதிரி வச்சுட்டு, ஏத்துறதுக்கு முன்னாடி அழிச்சுருங்க. கடைப்பேரு 340 பக்கம், விலை 1050 பக்கம், தெரு பேரு 1180-ல. போன் நம்பர எடுத்துருங்க, பட்டனே வாட்ஸ்அப்புக்குக் கொண்டு போகுமே. 4:5-க்கு நடுவுல வெட்டுனா 285-லருந்து 1635 வரைக்கும் வரும், மூணும் உள்ள இருக்கும். சதுரம் வேணும்னா நடுவுல வெட்டாதீங்க, பேரு போயிரும். கட்டத்த மேல நகட்டி 269-லருந்து 1349 வரைக்கும் வெட்டுங்க.

சிவப்புப் பட்டைக்கு உள்ள ஒண்ணுமே வைக்கக் கூடாதுன்னு நிறையப் பேரு வெள்ளையா விட்டுர்றாங்க. வேண்டாம். சேலை முந்தானையும் கரையும் அடிவரைக்கும் ஓடட்டும். அது மேல பட்டன் உக்காந்தா யாருக்கும் நட்டமில்ல, படிக்க வேண்டியதுதான் அங்க இருக்கக் கூடாது.

செல்லூர் மீடியா
ஒத்துக்க மாட்டேன். சேலைய 979 உயரத்துல அடக்கி, அதுலயே மூணு வரி எழுத்தையும் ஏத்துனா சுங்குடிப் புள்ளி எங்க தெரியும்? தமிழ் எழுத்துல கொம்பும் சுழியும் மேலயும் கீழயும் நீளும், வரிக்கு வரி இடம் கூடுதலா வேணும். 4:5-ல தனியா பண்ணா விலைய அடியிலயே பெருசாப் போடலாம், அங்க பட்டன் படத்துக்கு வெளியிலதான் வரும்.

தெப்பக்குளம் எடிட்டர்
அது உண்மைதான், இடம் நெருக்கும். அதுக்கு வரியக் குறைக்கணும்னு நான் சொல்வேன், நீங்க படத்தக் கூட்டணும்ங்கிறீங்க.

திருமங்கலம் பிளக்ஸ்
அப்ப என் எல்இடி படத்த அப்படியே யூடியூப்ல போட்டா? எங்க ஆளு நம்பர வலது கீழ் மூலையிலதான் போடுவாரு.

தெப்பக்குளம் எடிட்டர்
அண்ணே, அந்த மூலையிலதான் "தவிர்" பட்டன் வரும். நம்பர மேல தூக்குங்க. இந்த நெட்டப் படத்துலருந்து 16:9 வெட்டலாம்னும் யாரும் நினைக்காதீங்க, 608 உயரப் பட்டைதான் மிஞ்சும், கடைப்பேரோ விலையோ ஒண்ணு போயிரும். அகலத்துக்கு மட்டும் தனியா அடுக்கித்தான் ஆகணும், அதுல செல்லூர் அக்கா சொல்றதுதான் சரி.

கட்டம்_கட்டி
விலையவே படத்துல போடாம கேப்ஷன்ல எழுதுனா இந்தத் தலைவலியே இல்லல்ல?

விளக்குத்தூண் ஜவுளி
கேப்ஷனை எங்க ஆத்தா படிக்காது தம்பி, சேலை வாங்குற மத்தவங்களும் அப்படித்தான். விலைய 1050-க்கு ஏத்திட்டேன், முன்னோட்டத்துல தெரியுது. ஆனா இப்ப முந்தானைப் புள்ளி மேல எழுத்து விழுது. பின்னாடி ஒரு பட்டை போட்டா சேலை மறையுது, போடலைன்னா விலை மறையுது. யாராவது சொல்லுங்க.