கங்குனில் ஈயம்: "ஏன் ப்ளேம் ஏஏஎஸ்?" என்ற கேள்விக்கு முறையியலில் என்ன எழுதுவது?

கங்குன்_12
கொழும்பில் இறுதியாண்டு இரசாயனம் படிக்கிறேன். வெள்ளவத்தை, பொரளை, கொட்டாஞ்சேனைச் சந்தைகளில் வாங்கிய கங்குன் கீரையில் எவ்வளவு ஈயம் இருக்கிறது, அது சர்வதேச உணவு நியமமான கோடெக்ஸின் எல்லையைத் தாண்டுகிறதா என்பதுதான் என் ஆய்வு. மொத்தம் 12 மாதிரிகள். முறையியலில் இப்படி எழுதியிருந்தேன்:

"மாதிரிகள் கழுவி உலர்த்தி அரைக்கப்பட்டன. 0.5 கிராம் தூள் நைத்திரிக் அமிலத்துடன் மைக்ரோவேவில் கரைக்கப்பட்டு 50 மி.லீ. ஆக்கப்பட்டது. ஈயம் ப்ளேம் ஏஏஎஸ் மூலம் அளக்கப்பட்டது."

மேற்பார்வையாளர் 0.5 கிராமைச் சுற்றி வட்டம் போட்டு, கடைசி வரிக்குப் பக்கத்தில் "ஏன்?" என்று எழுதித் தந்தார். "இம்முறை நம்பகமானது, துல்லியமானது, செலவு குறைந்தது" என்று ஒரு வரி சேர்த்துக் கொடுத்தேன். அதே "ஏன்?" திரும்பவும் வந்திருக்கிறது. உண்மையைச் சொன்னால், எங்கள் ஆய்வுகூடத்தில் சுடரில் உலோகத்தை அளக்கும் அந்த மெஷின்தான் இருக்கிறது. அதை எழுதலாமா? 11 மாதிரிகளில் ஈயம் கண்டறியப்படவில்லை. தயவுசெய்து யாராவது உதவுங்கள்.

மொரட்டுவ_தம்பி
11 மாதிரியில் வரவில்லையென்றால் மெஷினைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஈய லாம்ப் பழசாகி ஒளி குறைந்திருக்கும். 283.3 நானோமீற்றரில் அளந்திருந்தால் 217.0-க்கு மாற்றிப் பாருங்கள், உணர்திறன் கூடும்.

கங்குன்_12
இல்லை அண்ணா, நியமக் கரைசல்கள் எல்லாம் நேர்கோட்டில் சரியாக வந்தன. மெஷினில் கோளாறு இல்லை. எப்படி எழுதுவது என்பதுதான் என் கேள்வி.

முதுகலை_முடித்தவன்
இதே முறையில் செய்த இரண்டு மூன்று முந்தைய ஆய்வுகளைக் குறிப்பிட்டால் போதும். நானும் அப்படித்தான் எழுதினேன். களனி ஆற்றுப் படிவில் இரும்பும் நாகமும் பார்த்தேன், ப்ளேம் ஏஏஎஸ்தான். ஒருவரும் கேள்வி கேட்கவில்லை.

ஆய்வுகூட_அக்கா
உங்களிடம் கேட்காததற்குக் காரணம் இருக்கிறது. படிவில் இரும்பு நிறைய இருக்கும், நாகமும் ப்ளேமுக்கு எளிதாக எட்டும் அளவில் இருக்கும். கீரையில் ஈயம் அப்படியில்லை. முந்தைய ஆய்வைக் காட்டுவது நல்லதுதான், ஆனால் அவர்கள் அளந்த அளவும் நம் அளவும் ஒன்றாக இருந்தால்தான் அது காரணமாகும்.

தங்கச்சி, இரண்டு இலக்கம் சொல்லுங்கள். கீரை போடாத வெற்று மாதிரியைப் பத்துத் தரம் வாசித்தீர்களா, அதன் நியம விலகல் என்ன? உங்கள் கங்குனில் நீர் எத்தனை வீதம்?

கங்குன்_12
வாசித்தேன் அக்கா. நியம விலகல் லீற்றருக்கு 0.006 மி.கி. நீர் கிட்டத்தட்ட 90 வீதம்.

ஆய்வுகூட_அக்கா
சரி, இப்போது உங்கள் மேற்பார்வையாளர் எதைக் கேட்கிறார் என்று பாருங்கள்.

இலைக் கீரைக்குக் கோடெக்ஸ் வைத்த ஈய எல்லை கிலோவுக்கு 0.3 மி.கி., பச்சை எடையில். நீர் 90 வீதம் என்றால் உலர் தூளில் அது 3 மி.கி. அப்படிப்பட்ட தூளில் 0.5 கிராம் எடுத்து 50 மி.லீ. ஆக்கினால், கரைசலில் லீற்றருக்கு 0.03 மி.கி. ஈயம் இருக்கும். எல்லையில் நிற்கும் கீரை உங்கள் மெஷினுக்கு இப்படித்தான் தெரியும்.

மெஷின் எதைப் பார்க்கும்? நியம விலகலின் மூன்று மடங்கு 0.018, அதற்குக் கீழே இருக்கிறதா இல்லையா என்றே சொல்ல முடியாது. பத்து மடங்கு 0.06, அதற்கு மேலே போனால்தான் இலக்கத்தை நம்பி எழுதலாம். உங்களுக்கு வேண்டிய 0.03 இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. பச்சை எடையில் சொன்னால், 0.6-க்குக் குறைவான எதையும் நீங்கள் அளக்கவில்லை. எல்லையோ 0.3. கீரை எல்லையைத் தாண்டியிருந்தாலும் 0.6-ஐத் தொடும் வரை நம்பத்தக்க இலக்கம் கிடைத்திருக்காது.

"துல்லியமானது" என்ற சொல் இதற்குப் பதிலாகாது. இந்தக் கேள்விக்கு இந்தக் கருவி எட்டுகிறதா என்பதைத்தான் காரணமாக எழுத வேண்டும். இப்போதைய நிலையில் எட்டவில்லை.

கங்குன்_12
அக்கா, எனக்குக் கை நடுங்குகிறது. அப்படியென்றால் மூன்று மாத வேலையும் வீணா? இதைவிடக் குறைந்த அளவையும் காட்டும் கிராபைட் ஃபர்னஸ் உள்ள இடத்தில் ஒரு மாதிரிக்கு எவ்வளவு கேட்பார்களோ தெரியாது.

ஆய்வுகூட_அக்கா
வீணில்லை. தூள் மிச்சம் இருக்கிறதா? 0.5 கிராம் ஏன் எடுத்தீர்கள் என்று யோசியுங்கள். மைக்ரோவேவ் பாத்திரத்தில் அதற்கு மேல் போட்டால் அமுக்கம் ஏறிவிடும், அதனால்தானே? கருவிக்குப் பொருத்தமான அளவு கேள்விக்குப் பொருத்தமாக இருக்கவில்லை. திறந்த பீக்கரில், ஹொட் பிளேட்டில், 2 கிராமைக் கரைத்து 25 மி.லீ. ஆக்குங்கள். 0.06-ஐ 25-ஆல் பெருக்கி 2-ஆல் வகுத்தால் உலர் தூளில் 0.75, பச்சை எடையில் 0.075. எல்லையின் காற்பங்கு. இப்போது ப்ளேமே போதும், அதைத் தெரிவு செய்ததற்குக் காரணமும் கையில் இருக்கிறது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். தூள் கூடினால் உப்பும் கல்சியமும் கூடவே வரும். அவை ஈயம்போல ஒளியைத் தடுத்து இலக்கத்தை ஏற்றிக் காட்டும். பின்னணித் திருத்தம் போட்டே வாசியுங்கள். ஒரு மாதிரியில் தெரிந்த அளவு ஈயம் சேர்த்து, சேர்த்தது திரும்பக் கிடைக்கிறதா என்றும் பாருங்கள். அமிலம் கூடுவதால் வெற்று மாதிரியையும் இதே அளவு அமிலத்துடன் புதிதாக வாசிக்க வேண்டும். பழைய 0.006 செல்லாது.

விவசாய_உத்தியோகத்தர்
அமிலத்தைப் பற்றியும் ஒரு வரி எழுதுங்கள் பிள்ளை. நான் ஒருமுறை நைதரசன் பார்க்க சல்பூரிக் அமிலத்தில் கரைத்த கரைசலிலேயே ஈயமும் பார்க்கலாம் என்று நினைத்தேன். அடியில் வெள்ளையாகக் கொஞ்சம் படிந்திருந்தது, மணல் என்று வடிகட்டி விட்டுவிட்டேன். அது ஈய சல்பேற்று. நீரில் கரையாது. ஒரு பருவத்து மாதிரிகள் அப்படியே போயின.

முதுகலை_முடித்தவன்
கணக்கு விளங்குகிறது, என் பதில் பாதிதான் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திறந்த பீக்கரில் தூசியிலிருந்து ஈயம் விழாதா? வீதியோரத்து ஆய்வுகூடம் என்றால் இன்னும் மோசம். மைக்ரோவேவிலேயே வைத்துக்கொண்டு, கரைசலை வற்றவைத்து 10 மி.லீ. ஆக்கினால் என்ன? பச்சை எடையில் 0.12 வரும். அதுவும் எல்லைக்குக் கீழேதான்.

ஆய்வுகூட_அக்கா
அதுவும் நியாயம். ஆனால் வற்றவைக்கும்போது பாத்திரத்தைத் திறந்துதான் ஆக வேண்டும், தூசிக்கு அங்கேயும் வழி உண்டு. 10 மி.லீ. மூன்று வாசிப்புக்கு மேல் தாங்காது. நான் 2 கிராம்தான் செய்வேன். நீங்கள் சொல்வதைத் தெரிவு செய்தாலும் பிழையில்லை, ஏன் என்று எழுத முடிந்தால் சரி.

கங்குன்_12
இப்படி மாற்றியிருக்கிறேன்:

"கோடெக்ஸ் எல்லையான 0.3 மி.கி./கி.கி. (பச்சை எடை) அளவை நம்பத்தகுந்த முறையில் அளக்க வேண்டியிருந்ததால், 2 கிராம் தூள் 25 மி.லீ. ஆக்கப்பட்டது. இந்த நிலையில் ப்ளேம் ஏஏஎஸ் அளக்கக்கூடிய மிகக் குறைந்த அளவு 0.075 மி.கி./கி.கி. ஆகும். ஈயம் சல்பேற்றாகப் படியாதிருக்க நைத்திரிக் அமிலம் பயன்படுத்தப்பட்டது."

ஆய்வுகூடத்தில் இந்த மெஷின்தான் இருந்தது என்பதையும் சேர்க்கட்டுமா?

ஆய்வுகூட_அக்கா
0.075 என்பதைப் புதிய வெற்று மாதிரியை வாசித்த பிறகு நிரப்புங்கள், இப்போது அது வெறும் எதிர்பார்ப்பு. மெஷின் இருந்தது என்பதைச் சேர்க்கலாம் என்பது என் எண்ணம். எட்டுகிறது என்று காட்டிய பிறகு அதை மறைக்க ஒன்றுமில்லை.

முதுகலை_முடித்தவன்
எனக்கு அதில் உடன்பாடில்லை. பரீட்சகர் அந்த வரியைத்தான் முதலில் பிடிப்பார்.

கங்குன்_12
மேற்பார்வையாளரிடமே கேட்கிறேன். செவ்வாய்க்கிழமை ஹொட் பிளேட் கிடைக்கும். 12-ஐயும் ஒரேயடியாகப் போடாமல், வெற்று மாதிரியையும் ஈயம் சேர்த்த ஒன்றையும் மட்டும் முதலில் செய்து பார்க்கிறேன். இலக்கம் வந்ததும் இங்கே போடுகிறேன்.