மாதப் பாஸா, போகப் போகக் கட்டுவதா? வடசேரி – வள்ளியூர் தினசரி ஓட்டம், திருப்பதிசாரம் டோல்

லேப்_அக்கா:
வணக்கம். வடசேரியில் வாடகை வீடு, வள்ளியூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேப்பில் வேலை. மாதம் 24 நாள் போகிறேன், ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை லீவு. வெள்ளை போர்டு கார், என் ஃபாஸ்டேக். இதுவரை வாலட்டில் பணம் போட்டுப் போட்டு ஓட்டுகிறேன், மாசக் கடைசியில் பார்த்தால் பெட்ரோலுக்கு அடுத்த செலவு டோல்தான். மாதப் பாஸ் எடுத்தால் 50 தடவை கடக்கலாம் என்கிறார்கள். எனக்கு 24 நாள் போக, 24 நாள் வர, மொத்தம் 48. அப்படியென்றால் பாஸ்தான் சரியா? ஒருத்தர் ஆம் என்கிறார், இன்னொருத்தர் நஷ்டம் என்கிறார். கணக்கோடு யாராவது சொல்லுங்கள்.

மக்கா_நாகர்கோவில்:
அக்கா, யோசிக்கவே வேண்டாம், எடுங்க. 50 தடவைக்கு உள்ள காசில் மூன்றில் இரண்டு பங்குதான் பாஸ் விலை. அதாவது ஏறக்குறைய 33 தடவைக்கு உள்ள காசைக் கட்டி 50 தடவை போகலாம். உங்களுக்கு 48 இருக்கு. 15 தடவை சும்மா. நானும் அப்படித்தான் எடுத்தேன்.

பழைய_சுங்கக்காரன்:
மூன்றில் இரண்டு பங்கு என்பது சரி, மக்கா. ஆனால் எதோடு ஒப்பிடுகிறாய் என்பதில்தான் தப்பு. 48 தடவையும் முழுக் கட்டணம் போகிற மாதிரி எண்ணுகிறாய். அவங்களுக்கு அப்படிப் போகாது. காலையில் போய் 24 மணி நேரத்துக்குள் அதே டோல் வழியாகத் திரும்பினால் இரண்டுக்கும் சேர்த்து ஒன்றரை மடங்குதான். காலையில் முழுசு எடுக்கும், சாயங்காலம் பாதி எடுக்கும். இதற்கு யாரிடமும் கேட்க வேண்டாம், டேக்கிலேயே நடக்கும்.

ஒருவழி 60 ரூபாய் என்று கணக்குக்காக மட்டும் வைத்துக்கொள்வோம் (உங்கள் போர்டில் உள்ள தொகையைப் போட்டுக்கொள்ளுங்கள், விகிதம் மாறாது). போய்த் திரும்ப 90. பாஸ் 2000. 2000-ஐ 90-ஆல் வகுத்தால் 22 நாளும் கொஞ்சமும். அதாவது 22 நாள் போய் வந்தால் 1980, பாஸை விடக் குறைவு. 23-ஆவது நாள் 2070, அங்கேதான் பாஸ் ஜெயிக்க ஆரம்பிக்கிறது. 24 நாளைக்கு 2160, பாஸில் மிச்சம் 160. மக்கா சொன்ன 15 தடவை சும்மா என்பது 900 ரூபாய் மாதிரித் தெரிந்தது, உண்மையில் 160 தான். இன்னொன்று, கட்டணத்தை 5 ரூபாய்க்குச் சரிசெய்துதான் போடுவார்கள், அதனால் 22-க்கும் 23-க்கும் நடுவில் இருப்பவர்கள் போர்டில் உள்ள மூன்று தொகையையும் எடுத்து ஒருமுறை வகுத்துப் பாருங்கள், ஒரு நாள் முன்னே பின்னே போகலாம்.

அக்கா, ஒரு கேள்வி. 24 நாளும் வரும்போது டோல் வழியாகத்தான் வருகிறீர்களா?

லேப்_அக்கா:
இல்லை அண்ணாச்சி. நல்ல கேள்வி கேட்டீர்கள். வாரத்தில் இரண்டு நாள் வரும்போது தோவாளையில் பூ வாங்க வேண்டும், அத்தைக்கு. அன்றைக்குப் பழைய ரோட்டில் இறங்கிவிடுவேன், டோல் கிடையாது. மாதத்துக்கு எட்டு நாள் என்று வைக்கலாம்.

பழைய_சுங்கக்காரன்:
அப்போ விடை மாறிவிட்டது. போவது 24, வருவது 16, மொத்தம் 40 தடவைதான். 16 நாள் போய்த் திரும்ப 90 வீதம் 1440. மீதி எட்டு நாள் போவது மட்டும், 60 வீதம் 480. கூட்டினால் 1920. பாஸ் 2000. பூ வாங்கும் எட்டு நாள்தான் கணக்கைத் திருப்பிவிட்டது. இதில் இரண்டு நாள் லீவு போட்டால் 1740. பாஸ் எடுத்திருந்தால் அந்த இரண்டு நாளும் போன பணம் போனதுதான், மீந்த தடவைகள் அடுத்த மாதத்துக்கு வராது. பாஸ் தேதியும் ஒன்றாம் தேதிக்குக் கட்டுப்பட்டதல்ல, பணம் கட்டிய நாளிலிருந்து ஒரு மாதம்.

அதனால், இந்த இரண்டுக்கும் நடுவில் மட்டும் கேட்டால், நீங்கள் போகப் போகக் கட்டுவதே மேல்.

ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த இரண்டையும் விட்டுவிட்டு வேறொன்றைப் பார்ப்பேன். டோலிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர்களுக்குச் சொந்த வண்டிக்கு உள்ளூர் பாஸ் உண்டு, 2025-26-இல் மாதம் 350 ரூபாய், எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம். வடசேரி அந்த எல்லைக்குள்தான். ஆர்.சி. புத்தகமும் முகவரிச் சான்றும் எடுத்துக்கொண்டு டோல் ஆபீஸில் கேளுங்கள்.

திங்கள்_வெள்ளி:
நான் நாகர்கோவிலிலிருந்து திங்கட்கிழமை திருநெல்வேலிக்குப் போய் அங்கேயே தங்கி வெள்ளிக்கிழமை வருகிறேன். எனக்குத் திரும்பும்போது பாதி எடுத்ததே இல்லை, திருப்பதிசாரத்திலும் சரி, நாங்குநேரியிலும் சரி, முழுசாகத்தான் போகிறது. ஒவ்வொரு தடவையும் எஸ்.எம்.எஸ். வைத்திருக்கிறேன். புகார் கொடுக்கலாமா? 1033-க்கு அடித்தால் எடுப்பார்களா?

பழைய_சுங்கக்காரன்:
புகார் வேண்டாம் தம்பி, எடுத்தது சரிதான். முதல் தடவை பணம் எடுத்த நேரத்திலிருந்து 24 மணி நேரம். திங்கள் போய் வெள்ளி வந்தால் இரண்டும் தனித்தனி ஒருவழி. எஸ்.எம்.எஸ்.ஸில் இரண்டு நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 24 மணி நேரத்துக்குள் இருந்து, அதே டோல், எதிர்த்திசை, அப்படியும் முழுசு எடுத்திருந்தால் அப்போது 1033-க்கு அடியுங்கள்.

உங்களுக்குப் பொருத்தமானது வருடப் பாஸ். 2025 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியபோது 3000 ரூபாய், 200 தடவை அல்லது ஒரு வருடம், எது முதலில் முடிகிறதோ அதுவரை. ஒரு தடவை கடந்தால் ஒன்று, திரும்பினால் இன்னொன்று, இரண்டு டோல் என்றால் இரண்டு. உங்களுக்கு வாரம் நான்கு. 50 வாரத்தில் 200. அளந்து தைத்த மாதிரி இருக்கிறது.

லேப்_அக்கா:
அண்ணாச்சி, 350 ரூபாய் என்று படித்ததும் சந்தோஷமாக ஆபீஸுக்குப் போகக் கிளம்பினேன், அப்புறம் ஆர்.சி.யைத் திறந்து பார்த்தேன். கார் வாங்கினது கல்யாணமான புதிதில், முகவரி மார்த்தாண்டம். TN 75. இப்போது இருப்பது வடசேரி, கையில் வாடகை ஒப்பந்தம் இருக்கிறது, ஆதாரும் இன்னும் மாற்றவில்லை. மார்த்தாண்டத்திலிருந்து கணக்கு வைத்தால் 20 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். கிடைக்குமா?

மக்கா_நாகர்கோவில்:
கிடைக்கும் அக்கா, நீங்க இங்கேதானே இருக்கீங்க. கரன்ட் பில் காட்டுங்க.

பழைய_சுங்கக்காரன்:
கிடைக்கும் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். எல்லை பார்ப்பது கையில் உள்ள காகிதத்தை வைத்துத்தான், நான் வேலை பார்த்த இடத்தில் ஆர்.சி. முகவரியையும் ஆதாரையும்தான் கேட்டோம். அது இந்த மாவட்டமும் அல்ல. ஆதாரை வடசேரிக்கு மாற்றிவிட்டுப் போவது பலமானது. இன்னொரு சிக்கலும் விதியிலேயே இருக்கிறது: சர்வீஸ் ரோடோ மாற்றுப் பாதையோ அந்த ஓட்டுநருக்கு இருந்தால் இந்த உள்ளூர் பாஸ் கொடுக்கக்கூடாது என்று. பழைய ரோடு இருக்கிறதே என்று யாராவது சொன்னால் என்ன பதில் என்பது நேரில் கேட்டால்தான் தெரியும். டோல் போர்டில் உள்ளூர் வண்டிகளுக்கு என்று தனி வரிசை இருந்தால் கொடுக்கிறார்கள் என்று அர்த்தம், முதலில் அதைப் பாருங்கள்.

அதுவரை வருடப் பாஸ். அதற்கு முகவரி வேண்டாம், சொந்த உபயோகக் காராக இருந்து டேக் வண்டி எண்ணோடு இணைந்திருந்தால் போதும். சேஸிஸ் எண்ணை மட்டும் வைத்து எடுத்த டேக் என்றால் முதலில் வங்கியில் வண்டி எண்ணைச் சேர்க்க வேண்டும்.

ஆனால் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். உங்களுக்கு அது வருடத்துக்கு வராது. மாதம் 40 தடவை, 200 முடிய ஐந்தே மாதம். ஒரு தடவை 15 ரூபாய், மாதத்துக்கு 600. முடிந்ததும் மறுபடி வாங்கலாம். 1920-க்குப் பதில் 600. பிறகு ஆதார் மாறி உள்ளூர் பாஸ் கிடைத்தால் 350. நாற்பது தடவை போகிறவருக்கு உள்ளூர் பாஸ்தான் கடைசி விலை. மாதம் 24 தடவைக்குக் குறைவாகப் போகிறவருக்கு மட்டும் வருடப் பாஸ் அதையும் விட மலிவு.

வாழைக்குலை_டெம்போ:
எங்களுக்கும் சொல்லுங்கள். மஞ்சள் போர்டு டெம்போ, TN 74. நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கு வாழைக்குலை லோடு, மாதம் 26 நாள், அன்றன்றே திரும்பி வருவேன். வருடப் பாஸ் கேட்டால் வாடகை வண்டிக்குக் கிடையாது என்றார்கள்.

பழைய_சுங்கக்காரன்:
ஆமாம், உங்களுக்கு வருடப் பாஸும் கிடையாது, அந்த 350-உம் கிடையாது. இரண்டும் சொந்த உபயோக வண்டிக்கு. ஆனால் டோல் இருக்கும் மாவட்டத்திலேயே பதிவான வாடகை வண்டிக்கு, நேஷனல் பெர்மிட் இல்லாவிட்டால், பாதிக் கட்டணம் உண்டு. திருப்பதிசாரத்தில் நீங்கள் உள்ளூர் வண்டி. அங்கே பாதி கிடைத்தால் 52 தடவைக்கும் 26 ஒருவழிக் கட்டணம்தான், மாதப் பாஸின் 33-ஐ விடக் குறைவு, பாஸ் எடுத்தால் நஷ்டம். நாங்குநேரி திருநெல்வேலி மாவட்டம், அங்கே TN 74 வெளியூர் வண்டி. 26 நாள் போய் வர 39 ஒருவழி ஆகும், பாஸும் அதற்கு மேல் உள்ள கடைசி ஒரு நாளும் சேர்த்து 35-க்குக் கொஞ்சம் குறைவு. அந்த ஒரு டோலுக்கு மட்டும் மாதப் பாஸ் எடுங்கள். பாஸ் டோலுக்கு டோல் தனி என்பதை மறக்க வேண்டாம்.

வாழைக்குலை_டெம்போ:
பாதி வாங்குகிற இடத்தில் திரும்பும்போது அந்தப் பாதியிலும் குறைவு உண்டா அண்ணாச்சி?

லேப்_அக்கா:
என் நிலவரம். ஞாயிறு இரவு ராஜ்மார்க்யாத்ரா ஆப்பில் 3000 கட்டினேன், இரண்டு மணி நேரத்துக்குள் வரும் என்று இருந்தது, தூங்கிவிட்டேன். திங்கள் காலை டோலில் வாலட்டிலிருந்து ஒன்றும் எடுக்கவில்லை, சாயங்காலமும் இல்லை. ஆப்பில் மீதம் 198. செவ்வாய் தோவாளை, வரும்போது டோல் இல்லை, 197. ஆதார் மாற்ற இ-சேவை மையத்தில் விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். டோல் போர்டில் உள்ளூர் வரிசை இருக்கிறதா என்று பார்க்க நினைத்தேன், பின்னால் லாரி ஹாரன் அடித்துவிட்டது. நாளைக்கு ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்க்கிறேன். ஒரே டேக்கில் வருடப் பாஸ் மீதம் இருக்கும்போது உள்ளூர் பாஸும் போட்டால் எது முதலில் கழியும் என்று யாருக்காவது அனுபவம் உண்டா?