உதவி: Gsus4 போட்டு G-க்கு வந்தால் ‘விடுபடும்’ உணர்வே வரவில்லை

விரல்பழகுநர்
அவசரமாக ஒரு சந்தேகம். நாளை மறுநாள் பாட வேண்டிய ஒரு பாட்டுக்கு கார்டு போட்டுக்கொண்டிருக்கிறேன். பல்லவி முடிகிற இடத்தில் Dm, Gsus4, G, C என்று போகிறேன். சஸ் கார்டு போட்டால் ஒரு இழுப்பு வரும், அடுத்த கார்டில் அது தளரும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படி எதுவும் கேட்கவில்லை. சஸ் வரும்போது கொஞ்சம் அழுக்காக இருக்கிறது, அடுத்து G வரும்போது அப்படியே சப்பென்று இருக்கிறது. நோட் எல்லாம் சரிதான், மூன்று முறை பார்த்துவிட்டேன். என்ன தப்பு?

ஆறுதந்தி
எந்த வாத்தியம்? கிட்டாரா, கீபோர்டா? எந்த நோட்டுகளை எந்தக் கையில் வாசிக்கிறீர்கள்?

பேஸ்பிடிப்பவன்
அப்படியே கீழே பேஸ் என்ன போகிறது என்றும் சொல்லுங்கள். G, C, D மூன்றும்தான் Gsus4. அதே மூன்றும்தான் Csus2. கீழே G ஒலித்தால் C அதன் மேல் இடிக்கும். கீழே C ஒலித்தால் இடிக்கவே இடிக்காது, C வீட்டில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். உங்கள் பேஸ் சி-க்குப் போய்விட்டது என்பது என் ஊகம்.

குரல்வழி
எனக்கு ஒரு அடிப்படைக் கேள்வி. பாட்டின் சுருதி C என்றால் C-தானே ச? சஸ் கார்டில் C இருக்கிறது, அது B-க்கு இறங்குகிறது. ச-விலிருந்து நி-க்கு இறங்குவது எப்படி விடுபடுதல் ஆகும்? நி-தான் ச-வை நோக்கித் துடிக்கிற சுரம். பாடுகிற எனக்கு இது தலைகீழாகத் தோன்றுகிறது. அவருக்குச் சப்பென்று கேட்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். கார்டைத் தப்பாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

விரல்பழகுநர்
கீபோர்டு. வலது கையில் G, C, D அப்புறம் G, B, D. இடது கையில் வழக்கமாக வாசிப்பதுதான்.

ஆறுதந்தி
வழக்கமாக என்றால்? :)
என் அனுபவம் சொல்கிறேன். கிட்டாரில் D பிடித்து, முதல் தந்தியில் சுண்டுவிரலை மூன்றாம் கட்டில் வைத்து எடுத்தால் Dsus4, D என்று அழகாக வரும். விரலை முழுக்கத் தூக்கிவிட்டால் Dsus2. இப்படி ஆட்டிக்கொண்டே இருந்தால் போதும், சஸ் கார்டின் சுகம் அங்கேயே கிடைக்கும். கீபோர்டிலும் வேகமாக மாற்றி மாற்றி வாசித்துப் பாருங்கள்.

பழையபயிற்சி
நண்பரே, நீங்கள் சொல்வது அலங்காரம். அவர் கேட்பது தாமதம். இரண்டும் வேறு. D கார்டு ஏற்கெனவே காதில் நிலைத்துவிட்ட பிறகு சுண்டுவிரலை ஆட்டுகிறீர்கள். காத்திருக்க அங்கே எதுவும் இல்லை. அடிப்படையைப் படிக்காமல் பதில் எழுதுவது இங்கே வழக்கமாகிவிட்டது. 1725-இல் ஃபக்ஸ் எழுதிய கவுன்டர்பாயின்ட் நூலில் நான்காம் வகைப் பயிற்சி முழுக்க இதுதான்: முந்தைய ஒலியோடு இசைந்திருந்த சுரத்தைப் பிடித்துக்கொண்டே அடுத்த ஒலிக்குள் போவது, அங்கே அது உறுத்துவது, பிறகு ஒரு படி இறங்குவது. இந்த மூன்றில் முதல் படி இல்லாவிட்டால் சஸ்பென்ஷனே இல்லை. Dm கார்டில் D, F, A தான் உண்டு. C எங்கே? இல்லை. அதனால்தான் வரவில்லை. முதலில் அதைப் படித்துவிட்டு வரவும்.

நடுக்குரல்
பழையபயிற்சி ஐயா சொன்னதில் பாதி சரி. முன்னால் C ஒலித்திருந்தால் உணர்வு பல மடங்கு கூடும். ஆனால் தயாரிப்பு இல்லாமல் திடீரென்று வருகிற சஸ் கார்டும் ஓரளவு இழுக்கத்தான் செய்யும். ‘துளிகூட இல்லை, அழுக்காக வேறு இருக்கிறது’ என்றால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது.

விரல்பழகுநர், மூன்று விஷயம் சொல்லுங்கள். இடது கையில் சரியாக எந்த நோட்டுகள்? ஆட்டோ அகம்பனிமென்ட் ஓடுகிறதா? கார்டு மாறும்போது சஸ்டெயின் பெடலை எடுக்கிறீர்களா?

விரல்பழகுநர்
ஆமாம், ஸ்டைல் ஓடுகிறது, 72 டெம்போ. இடது கையில் ஒற்றை விரலில் G அழுத்துகிறேன், ஸ்க்ரீனில் G என்று காட்டுகிறது. பெடல் அந்த பார் முழுக்க அழுத்தியபடி. இதெல்லாம் முக்கியமா?

நடுக்குரல்
முக்கியமே அதுதான்!

ஸ்க்ரீனில் `G` என்று காட்டினால் உங்கள் ஸ்டைல் G மேஜர் முழுவதையும் வாசித்துக்கொண்டிருக்கிறது. அதற்குள் B இருக்கிறது. நீங்கள் வலது கையில் C-யைப் பிடித்து B-யைத் தாமதப்படுத்துகிறீர்கள். பின்னால் ஸ்ட்ரிங்ஸ் ஒலியும் கிட்டார் ஒலியும் அதே B-யை முதல் அடியிலேயே வாசித்துவிட்டன. யாருக்காகக் காதைக் காக்கவைக்கிறீர்களோ அவர் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருக்கிறார். C-யும் B-யும் அரைச்சுர இடைவெளியில் மோதுவதுதான் அந்த அழுக்கு. பிறகு நீங்கள் B வாசிக்கும்போது புதிதாக எதுவும் வரவில்லை, C போனது மட்டும்தான். அதுதான் சப்பென்று இருப்பது.

சோதிக்க எளிய வழி: வலது கையை எடுத்துவிட்டு, இடது விரலை மட்டும் அழுத்தி, B-யை வாயால் முனகிப் பாருங்கள். பின்னணியில் அது தெளிவாகச் சேர்ந்து ஒலித்தால் குற்றவாளி கிடைத்துவிட்டார்.

பெடல் இரண்டாவது சிக்கல். அது அழுத்தியிருக்கும்வரை C அணையாது, B அதன் மேலேயே வந்து விழும். B-யை அழுத்துகிற கணத்தில் பெடலை விட்டு, உடனே மறுபடி அழுத்துங்கள்.

ஆறுதந்திக்கும் ஒன்று. உங்கள் D கார்டு அவ்வளவு சுத்தமாக வேலை செய்வதற்கும் இதே காரணம்தான். அந்தப் பிடியில் F# ஒரே ஒரு இடத்தில், முதல் தந்தியில் மட்டும் இருக்கிறது. சுண்டுவிரலை வைத்ததும் அது முழுவதுமாக மறைகிறது. திறந்த G பிடியில் இதே வேலையைச் செய்து பாருங்கள். இரண்டாம் தந்தியில் C பிடித்தாலும் ஐந்தாம் தந்தியின் இரண்டாம் கட்டில் B ஒலித்துக்கொண்டே இருக்கும். அதை அடக்காமல் விட்டால் விரல்பழகுநருக்கு வந்த அதே அழுக்குதான் வரும்.

ஆறுதந்தி
இப்போதுதான் வாசித்துப் பார்த்தேன். அட, உண்மை. ஐந்தாம் தந்தியை அடக்கியதும் வேறு கார்டு மாதிரி இருக்கிறது. இத்தனை நாள் அதை விட்டுவிட்டுத்தான் வாசித்திருக்கிறேன்.

குரல்வழி
என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. ச எப்படி நி-யில் போய் ஓய்வெடுக்கும்?

நடுக்குரல்
நல்ல கேள்வி, விட்டுவிட்டேன், மன்னிக்கவும். இங்கே இரண்டு இழுப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடுகின்றன. பாட்டு முழுவதற்கும் C வீடு. ஆனால் கீழே G ஒலிக்கிற அந்த இரண்டு அடிக்கு C விருந்தாளி. G-யிலிருந்து எண்ணினால் அது ம, பக்கத்தில் D வேறு உரசுகிறது. B-க்கு இறங்கியதும் அந்தக் கார்டுக்குள் உரசல் தீர்கிறது. பாட்டு இன்னும் வீட்டுக்கு வரவில்லை. நீங்கள் சொன்ன நி-யின் துடிப்பு அப்போதுதான் ஆரம்பிக்கிறது, அடுத்த C கார்டில் அது தீர்கிறது. சிறியது முதலில் தீர்ந்து பெரியதைத் தொடங்கிவைக்கிறது. மேல் குரலை மட்டும் பாடிப் பாருங்கள்: C, C, B, C. முதல் C சுகமாக, இரண்டாவது அதே C உறுத்தலாக. சுரம் மாறவே இல்லை, கீழே தரைதான் நகர்ந்தது.

குரல்வழி
பாடினேன். இரண்டாவது C-யில் குரல் தானாகவே கீழே சாயப் பார்க்கிறது. ஆனாலும் B-யில் நின்றால் எனக்கு அது ஓய்வு இல்லை. ‘விடுபடுதல்’ என்ற சொல் பொருந்தவில்லை என்றே நினைக்கிறேன்.

பேஸ்பிடிப்பவன்
என் ஊகம் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சஸ் என்றாலே இறங்கியாக வேண்டும் என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. 1965-இல் ஹெர்பி ஹான்காக் பதிவுசெய்த ‘மெய்டன் வாயேஜ்’ கிட்டத்தட்ட முழுக்க சஸ் கார்டுகள்தான். ஒன்று இன்னொரு சஸ்ஸுக்குப் போகிறது, எதுவும் மூன்றாம் சுரத்துக்கு இறங்குவதில்லை. ஜாஸ் பியானோவில் B-யையும் C-யையும் சேர்த்தே வைப்பார்கள், B-யை C-க்கு மேலே தள்ளி வைத்தால் அழுக்காகவும் இருக்காது.

பழையபயிற்சி
அப்படியானால் அதற்கு சஸ்பென்ஷன் என்று பெயரிடக் கூடாது. எதுவும் தொங்கவில்லை, எதுவும் இறங்கவில்லை. நான்காம் சுரம் உள்ள ஒரு கார்டு, அவ்வளவுதான்.

பேஸ்பிடிப்பவன்
உலகம் முழுக்க எல்லாரும் அதற்கு சஸ் என்றுதான் எழுதுகிறார்கள் ஐயா. பெயர் வந்த வழி வேறு, இன்றைக்கு அந்த ஒலி செய்கிற வேலை வேறு.

பழையபயிற்சி
எல்லாரும் எழுதுவதால் சரியாகிவிடாது.

நடுக்குரல்
இதற்குத் தனி இழை தொடங்குங்களேன். விரல்பழகுநருக்கு நேரமில்லை.

விரல்பழகுநர், ஸ்டைலை நிறுத்திவிட்டு இதை மெதுவாக வாசியுங்கள். Dm-க்குப் பதில் F போட்டிருக்கிறேன், அதில் C ஏற்கெனவே இருக்கிறது. பழையபயிற்சி ஐயா சொன்ன தயாரிப்பு இதுதான். பாட்டுக்கு Dm-தான் வேண்டும் என்றால் Dm7 ஆக்குங்கள், அதிலும் C கிடைக்கும்.

```
          F    Gsus4   G    C
மேல்      C     C      B    C
நடு       A     G      G    G
கீழ்      F     D      D    E
பேஸ்      F     G      G    C
அடி      1-4   1-2    3-4  1-4
```

மேல் C-யை F கார்டிலிருந்து விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள், மறுபடி அடிக்க வேண்டாம். மற்ற விரல்கள் மட்டும் நகரட்டும். உரசல் பாரின் முதல் அடியில் விழ வேண்டும், B மூன்றாம் அடியில் சற்று மெதுவாக வர வேண்டும். இதை மாற்றி, சஸ்ஸை மூன்றாம் அடியிலும் G-யை அடுத்த பாரின் முதல் அடியிலும் வைத்தால் சாய்வு குறைந்துவிடும்.

இது பழகிய பிறகு ஸ்டைல் வேண்டுமென்றால், ஒற்றை விரல் முறையை விட்டு முழு விரல் முறைக்கு மாற்றி, இடது கையில் G, C, D மூன்றையும் அழுத்துங்கள். ஸ்க்ரீனில் `Gsus4` என்று வர வேண்டும். `Csus2` என்று வந்தால் பேஸ்பிடிப்பவன் பயந்தது நடந்துவிட்டது, பேஸ் C-க்குப் போய்விடும்.

விரல்பழகுநர்
வந்துவிட்டது!! ஸ்டைல் இல்லாமல் வாசித்ததும் முதல் தடவையிலேயே புரிந்தது. B வரும்போது மூச்சு விட்டது போல இருக்கிறது. எல்லாருக்கும் நன்றி.
ஆனால் பாட்டோடு சேர்த்தால் சரணத்தின் முடிவில் மறுபடி அதே அழுக்கு. பல்லவியில் பிரச்சினை இல்லை. ஏன்?

நடுக்குரல்
சரணத்தில் அந்த பாரின் முதல் அடியில் பாடகர் எந்தச் சுரத்தில் நிற்கிறார்? B-யாக இருந்தால், நீங்கள் தாமதப்படுத்துவதை அவர் முன்கூட்டியே பாடிவிடுகிறார். அந்த இடத்தில் சஸ் வேண்டாம், நேராக G போடுங்கள். வேறு சுரம் என்றால் சொல்லுங்கள், பார்க்கலாம்.

குரல்வழி
அல்லது பாடகரை C-யில் நின்று B-க்கு இறங்கச் சொல்லலாம். மெட்டு இடம் கொடுத்தால் அதுதான் அழகு.

ஆறுதந்தி
விரல்பழகுநர், என்ன ஆயிற்று? எந்தச் சுரம்?