கவுனின் நீளத்தைக் குறைத்த படம்: “இது என் கால் இல்லையே”

வெளிச்சக்கோடு

ஒரு மாதமாக உறுத்திக்கொண்டே இருக்கிறது, இங்கே கொட்டிவிடுகிறேன்.

கணுக்கால் வரை தொங்கும் சிவப்புக் கவுன், கேட்டலாக் படம். ஷூட் முடிந்த பிறகுதான் அந்த உடை முழங்காலுக்குச் சற்றுக் கீழே முடிகிற நீளத்தில் விற்பனைக்கு வரும் என்று முடிவானது. திரும்ப எடுக்க நேரமில்லை, படத்திலேயே குறைத்துக் கொடுங்கள் என்றார்கள். பின்னணி தொல்லை தரவில்லை. ட்ரைபாடை அசைக்காமல் ஆள் இல்லாத ஷாட் ஒன்று எடுத்து வைத்திருந்தார்கள், அதை அடி லேயராகப் போட்டு, கவுனின் கீழ்ப்பகுதியை மாஸ்க்கில் மறைத்ததும் சுவரும் தரையும் வந்து நின்றுவிட்டன. கால்தான் இல்லை. கவுன் போட்டிருந்த மாடலை எடுத்த எல்லா ஃபிரேமிலும் அது கணுக்கால் வரை. அதனால் அதே நாளில், அதே இடத்தில், அதே விளக்குகளில் எடுத்த இன்னொரு மாடலின் படத்திலிருந்து முழங்காலும் கெண்டைக்காலும் எடுத்து, இவருடைய பாதத்தோடு சேர்த்தேன். தோல் நிறத்தைச் சரிசெய்தேன், 200 சதவீதம் பெரிதாக்கி ஒட்டு தெரிகிறதா என்று தேடினேன், எங்கும் தெரியவில்லை.

ஆளுயரத்துக்கு அச்சடித்து நிறுத்தியிருந்தார்கள். கவுன் போட்டிருந்த மாடல் வந்தார். முகத்தைப் பார்க்கவே இல்லை. குனிந்து, கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே விரலை வைத்து, “இது என் கால் இல்லையே” என்றார். கோபம் எல்லாம் இல்லை, தெரியாத இடத்தில் தெரிந்தவரைத் தேடுகிற குரல். நான் ஒட்டு போட்டிருந்ததும் சரியாக அந்த இடத்தில்தான்.

எது காட்டிக்கொடுத்தது?

சதுரக்கட்டம்

நிழல்தான், வேறென்ன. கவுன் அகலமாகத் தரையைத் தொடுகிற மாதிரி இருந்தபோது விழுந்த நிழல் அப்படியே கிடக்கும், மேலே இரண்டு மெல்லிய கால் நிற்கும். எனக்கும் ஒரு முறை இதே ஆயிற்று, படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தபோதுதான் நிழல் மட்டும் பழைய உடையைப் போட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது.

அப்புறம், எதற்கு வெட்டுகிறீர்கள்? நான் கவுனை இடுப்புக்குக் கீழே தேர்ந்தெடுத்து மேல்நோக்கிச் சுருக்கிவிடுவேன். கீழ் விளிம்பின் தையல், மடிப்பு எல்லாம் அதோடு மேலே வந்துவிடும், புதிதாக வரையத் தேவையே இல்லை. பத்து நிமிட வேலை.

பழந்தூரிகை

சதுரக்கட்டம் சொன்ன நிழல் சரி. சுருக்குவது பற்றிச் சொன்னது இரண்டு மூன்று விரற்கடை நீளத்துக்குத்தான் சரி, அதுவும் வெற்றுத் துணியில். கணுக்காலிலிருந்து முழங்காலுக்குக் கொண்டுவந்தால் துணியின் நெசவு நசுங்கும், பூப்போட்ட துணியென்றால் வட்டப்பூ எல்லாம் படுத்த முட்டையாகிவிடும். அகலத்தையும் பாருங்கள். விரிந்து தொங்குகிற கவுன் முழங்கால் உயரத்தில் குறுகலாகத்தான் இருக்கும். சுருக்கினால் கணுக்காலில் இருந்த முழு அகலமும் முழங்காலுக்கு ஏறிவிடும், அப்போது அது நீளம் குறைந்த அதே கவுன் இல்லை, வேறு வெட்டில் தைத்த வேறு கவுன். வாங்குகிறவருக்குக் கையில் வருவது ஒன்று, படத்தில் பார்த்தது ஒன்று.

வெளிச்சக்கோடு, உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. உங்கள் மாடல் ஹீல்ஸ் போட்டிருந்தாரா? கால் கொடுத்தவர் என்ன போட்டிருந்தார்?

வெளிச்சக்கோடு

இவர் ஹீல்ஸ், 7 செ.மீ. இருக்கும். அவர் தட்டைச் செருப்பு. ஐயோ.

பழந்தூரிகை

அதுதான். குதிகால் உயர்ந்தால் கெண்டைத் தசை சுருங்கி மேலே திரளும், அதற்குக் கீழே கணுக்கால் வரை மெலிந்து நீண்டு தெரியும், பின்னால் குதிநாண் எடுப்பாக நிற்கும். தட்டைச் செருப்பில் அதே தசை தளர்ந்து கீழே பரவியிருக்கும். நீங்கள் ஹீல்ஸ் போட்ட பாதத்தின் மேல் தளர்ந்த கெண்டைக்காலை வைத்திருக்கிறீர்கள். ஒட்டு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், பாதம் ஒரு வேலை செய்கிறது, கால் இன்னொரு வேலை செய்கிறது. தினமும் அந்தக் காலில் நிற்கிறவருக்கு அது உடனே தெரிந்திருக்கிறது. பார்க்கிற மற்றவர்களுக்கு ஏதோ சரியில்லை என்று மட்டும் தோன்றும்.

என் கதை வேறு. நான் கால் எல்லாம் சரியாகச் செய்தேன், விளிம்பில் மாட்டிக்கொண்டேன். நீளக் கவுனின் கீழ் விளிம்பை வளைவோடு அப்படியே நகல் எடுத்து முழங்காலுக்குக் கீழே ஒட்டினேன். படத்தைப் பார்த்த ஒரு பெரியவர், “இந்தப் பெண் கிண்ணத்துக்குள் நிற்கிற மாதிரி இருக்கிறதே” என்றார். இரவு முழுக்க யோசித்தேன். கேமரா இடுப்பு உயரத்தில் இருந்தது. விளிம்பு கேமராவுக்கு எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு ஆழமாக, நடுவில் தொங்கிய வளைவாகத் தெரியும். அதை மேலே கொண்டுவரக் கொண்டுவர வளைவு தட்டையாக வேண்டும். கேமரா 1 மீட்டர் உயரம் என்று வையுங்கள், பழைய விளிம்பு தரையிலிருந்து 10 செ.மீ., புதியது 45 செ.மீ. கேமராவுக்கு 90 செ.மீ. கீழே இருந்தது 55 செ.மீ. கீழே வந்துவிட்டது. அந்த உயரத்தில் துணியும் குறுகல் என்பதைச் சேர்த்தால் வளைவின் ஆழம் ஏறக்குறைய பாதிதான் இருக்க வேண்டும். நான் முழு ஆழத்தையும் வைத்திருந்தேன், அதுதான் கிண்ணம்.

கேமரா விளிம்பைவிடத் தாழ்வாக இருந்தால் இன்னும் பெரிய வேலை. வளைவு மேல்நோக்கிக் கவிழும், கவுனின் பின்பக்க உட்புறம் கால்களுக்கு நடுவே தெரியும். துணியின் உட்பக்கத்தை நிழலோடு தனியாக வரைந்தாக வேண்டும், அதை விட்டால் கவுன் அட்டையில் வெட்டியது போல நிற்கும்.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். முதலில் பின்னணி, அடுத்து கால், அதன் மேல் விளிம்பு, கடைசியில்தான் நிழல். காலை விளிம்போடு நிறுத்தாமல் துணிக்கு அடியில் கொஞ்சம் மேலே வரை ஏற்றி வையுங்கள், அப்போதுதான் விளிம்பை ஏற்றி இறக்க முடியும். துணியின் ஓரத்தில் ஹீலிங் பிரஷ் வேண்டாம், சிவப்பை இழுத்துத் தோலில் பூசிவிடும், அங்கே குளோன் ஸ்டாம்ப்தான். விளிம்புக்கு நேர் கீழே காலில் துணி போடும் சின்ன நிழல் ஒன்று உண்டு, மேலே அடர்த்தியாகத் தொடங்கிக் கீழே கரையும். அது இல்லாவிட்டால் துணி காலைச் சுற்றித் தொங்காது, முன்னால் ஒட்டியிருக்கும். சிவப்புத் துணி என்பதால் அந்த இடத்துத் தோலில் லேசாகச் செம்மையும் ஏற வேண்டும். உங்களுக்குக் கால் கொடுத்தவர் என்ன நிறம் உடுத்தியிருந்தார்?

ஊசிமுனை

நான் தையல்காரி, நீங்கள் பேசுகிற லேயர் எல்லாம் தெரியாது. கவுனைக் குறைப்பது என்று தலைப்பில் பார்த்து வந்தேன். முதல் பதிவில் பாதி படித்த பிறகுதான் இது துணியை வெட்டுகிற பேச்சு இல்லை என்று புரிந்தது. வந்துவிட்டேன், ஒன்று சொல்கிறேன்.

விரிந்த கவுனை நாங்கள் இடுப்பிலிருந்து அளந்து வெட்ட மாட்டோம். போட்டுக்கொள்ளப் போகிற செருப்போடு ஆளை நிற்க வைத்து, தரையிலிருந்து மேல்நோக்கி அளந்து சுற்றிலும் குண்டூசி குத்துவோம். இடுப்பு வளைவு, வயிறு எல்லாம் துணியை ஆளுக்கு ஆள் வேறு மாதிரி இழுக்கும், குறுக்காக வெட்டிய பாகம் தொங்கத் தொங்க நீளும். தரை மட்டும்தான் பொய் சொல்லாது. ஒரு முறை ஒரு பெண்ணுக்குச் செருப்பில்லாமல் நிற்க வைத்துக் குத்திவிட்டேன், ஹீல்ஸோடு வந்து நின்றபோது முதுகு நிமிர்ந்து, இடுப்பு சாய்ந்து, பின்பக்கம் மட்டும் தூக்கிக்கொண்டது. அவர் கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

வெளிச்சக்கோடு

ஊசிமுனை அக்கா, நீங்கள் வழி தவறி வரவில்லை. உங்கள் பதிவைப் படித்ததும் கோப்பைத் திறந்து தரையிலிருந்து அளந்தேன். ஹீல்ஸோடு அவர் 175 செ.மீ., படத்தில் 4200 பிக்சல், அதாவது ஒரு செ.மீட்டருக்கு 24 பிக்சல். நான் வெட்டிய விளிம்பு ஒரு பக்கம் 1080 பிக்சல் உயரத்தில், மறுபக்கம் 1190. கிட்டத்தட்ட 5 செ.மீ. கோணல்! ஒரு காலில் எடையைப் போட்டு இடுப்பைச் சாய்த்து நிற்கிறார், நான் இடுப்புக் கோட்டுக்கு இணையாக விளிம்பைப் போட்டிருக்கிறேன்.

கால் கொடுத்தவர் உடுத்தியிருந்தது வெள்ளை. முழந்தாளில் செம்மை துளியும் இல்லை.

சதுரக்கட்டம்

கோணல் தவறு என்று எப்படிச் சொல்கிறீர்கள்? இடுப்பு சாய்ந்தால் துணியும் ஒரு பக்கம் ஏறத்தானே செய்யும். நேராகப் போட்டால்தான் பொய்யாகத் தெரியும்.

ஊசிமுனை

ஏறும் தம்பி. எவ்வளவு என்பது துணியைப் பொறுத்தது. கனமான துணி அவ்வளவாக ஏறாது. படத்தைப் பார்க்காமல் 5 செ.மீ. சரியா தப்பா என்று நான் சொல்ல மாட்டேன்.

பழந்தூரிகை

பழைய படத்தில் கணுக்கால் விளிம்பு எவ்வளவு சாய்ந்திருந்தது என்று அளந்தால் அந்தத் துணியின் பதில் கிடைத்துவிடும், வெளிச்சக்கோடு.

மௌனசாட்சி

எல்லோரும் எப்படிச் செய்வது என்றே பேசுகிறீர்கள். அவரிடம் கேட்டீர்களா?

எனக்கு நடந்தது நேரெதிர். ஒரு குடும்பப் படத்தில் ஒரு பெண்ணின் ஃபிராக் முழங்காலுக்கு மேலே இருந்தது, பெரிதாக்கிச் சுவரில் மாட்ட வேண்டும், கொஞ்சம் நீட்டிக் கொடுங்கள் என்று வீட்டுப் பெரியவர் கேட்டார். நீட்டுவது எளிது, கால் வரைய வேண்டாம், இருக்கிற துணி மடிப்பையே கீழே தொடர்ந்தால் போதும். செய்தேன். படத்தை வாங்க வந்தது அந்தப் பெண். உறையைப் பிரித்துப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் மறுபடி உறைக்குள் வைத்தார், காசைக் கொடுத்தார், போய்விட்டார். அவர் ஏதாவது திட்டியிருந்தால் எனக்கு இத்தனை வருடம் நினைவிருக்காது. அதற்குப் பிறகு, படத்தில் இருப்பவர் சம்மதிக்காமல் உடை நீளத்தைத் தொடுவதில்லை, கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.

சதுரக்கட்டம்

கேட்டலாக் வேலையும் குடும்பப் படமும் ஒன்றா? மாடலுக்கு ஒப்பந்தம் இருக்கும், எடிட் செய்வார்கள் என்று தெரிந்துதானே வருகிறார்.

மௌனசாட்சி

உடையைத் திருத்துவார்கள் என்று தெரிந்திருக்கலாம். இன்னொருவர் காலை வைப்பார்கள் என்று தெரிந்திருக்குமா?

வெளிச்சக்கோடு

கிளையண்ட் சொல்லிவிட்டதாகச் சொன்னார்கள். நான் அவரிடம் நேரில் கேட்கவில்லை. அவர் விரல் வைத்த அன்றுதான் முதல் முறை அவரிடம் பேசினேன்.

இன்று காலை போன் செய்தேன். அதே ஹீல்ஸோடு, முழங்கால் தெரியும்படி உடுத்தி, அதே மாதிரி ஒரு காலில் எடை போட்டு நின்று ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டேன். விளக்கு எந்தப் பக்கம் இருந்தது என்று அவரே திருப்பிக் கேட்டார். இடது பக்கம், சற்று உயரத்தில் என்றேன். கேமராவை இடுப்பு உயரத்தில் வைக்கச் சொன்னேன், சிவப்புத் துணி ஏதாவது இருந்தால் முழங்காலுக்கு மேல் சுற்றிக்கொள்ளவும் சொன்னேன். சாயங்காலம் அனுப்புகிறேன் என்றிருக்கிறார்.

தரை நிழலைப் பழையதை முழுக்க எடுத்துவிட்டு, வெற்று ஷாட்டின் மேல் புதிதாகத் தொடங்கியிருக்கிறேன். இரண்டு செருப்புக்கு நடுவே தரை இன்னும் வெளிறித்தான் கிடக்கிறது.