தேக்கு மரம்: சுற்றளவு 44 அங்குலம் என்றால் விட்டம் 14-ஆ, 11-ஆ?

வரப்புத்தேக்கு:
ஆலங்குடிப் பக்கம், வயல் வரப்பில் அப்பா வைத்த தேக்கு. விலைக்குக் கேட்டு ஒரு வியாபாரி வந்தார். நெஞ்சு உயரத்தில் டேப்பைச் சுற்றிப் பார்த்து 44 அங்குலம் என்றார். ஆனால் நோட்டில் 11 என்று எழுதிக்கொண்டார். 44-ஐ 3.14-ஆல் வகுத்தால் விட்டம் 14 வருகிறதே, மூன்று அங்குலம் எங்கே போச்சு?

அவர் போன பிறகு நானும் சுற்றி அளந்தேன், அதே 44. சந்தேகம் தீரட்டும் என்று மரத்துக்கு இரண்டு பக்கமும் பலகையை நேராக நிறுத்தி, இடையில் உள்ள தூரத்தை அளந்தோம். வடக்கு தெற்காக 12¾, கிழக்கு மேற்காக 14½. சராசரி போட்டால் 13⅝. இப்போது கையில் மூன்று விட்டம் இருக்கிறது. எதை நம்புவது?

ஆசாரி_வீடு:
எங்க பட்டறையில சுற்றளவ மூணால வகுப்போம், அவ்வளவுதான். 14½ தாண்டி வரும். 11ன்னு எழுதுனவரு உங்கள ஏமாத்தப் பாக்குறாரு, மரத்தக் குடுக்காதீங்க.

கணக்கு_சார்:
மூன்றால் வகுப்பது வாசலில் நின்று மனக்கணக்குப் போட உதவும், விலை பேச உதவாது. 44-ஐ மூன்றால் வகுத்தால் 14.67. விட்டத்தில் ஐந்து சதவீதம்தான் கூடுகிறது. ஆனால் மரத்தின் கனம் விட்டத்தின் வர்க்கத்தோடு போவதால் அங்கே பத்து சதவீதம் கூடிவிடும். கால்குலேட்டர் இல்லையென்றால் ஏழால் பெருக்கி 22-ஆல் வகுங்கள். 44 என்பது இரண்டு 22, எனவே விடை 14. அந்த 11 என்ன என்று எனக்கும் புரியவில்லை.

மரவாடி_மில்:
தம்பி, அந்த 11 விட்டமே இல்ல. சுத்தளவ நாலா மடிச்சது. 44-ல கால் பங்கு 11. அத அதாலயே பெருக்கி, நீளத்த அடியில போட்டுப் பெருக்கி, 144-ஆல வகுத்தா கன அடி. ஹாப்பஸ்னு ஒரு வெள்ளைக்காரர் 1736-ல போட்ட அளவுப் புத்தகத்துல இருந்து வர்ற கணக்கு. உருட்டு மர வியாபாரத்துல இன்னும் அதுதான் ஓடுது.

வட்டமா கணக்குப் போட்டா உங்க மரத்தோட குறுக்கு வெட்டு 154 சதுர அங்குலம். நாலா மடிச்சா 121. நூத்துக்கு இருபத்தி ஒண்ணரை குறையும். வியாபாரி சொல்ற கன அடி ரேட்டும் இந்தக் குறைஞ்ச கணக்குக்குத்தான் பேசுறது. அவர் ரேட்ட உங்க வட்டக் கணக்கால பெருக்கினா ரெண்டு பேருக்கும் சண்டைதான் வரும். ரேட்டு கேக்கும்போதே "எந்தக் கணக்குல கன அடி?"ன்னு கேட்டுக்கங்க.

இன்னொண்ணு. நெஞ்சு உயரச் சுத்தளவு நிக்கிற மரத்தப் பாத்து வைக்கத்தான். கட்டைய வெட்டிப் போட்டதும் நீளத்தோட நடுவுல சுத்தி அளப்போம். அங்க 44 இருக்காது.

வரப்புத்தேக்கு:
நன்றி அண்ணா, 11 விஷயம் தெளிவாகிவிட்டது. ஆனால் என் அளவுகளுக்குள்ளேயே 14-க்கும் 13⅝-க்கும் எட்டில் மூன்று அங்குலம், அதாவது மூன்று நூல் வித்தியாசம் இருக்கிறதே. தேக்கின் அடியில் பள்ளம் பள்ளமாக மடிப்பு இருக்கும். டேப் அதன் மேலே தாண்டிப் போவதால் கூடுதலாகக் காட்டுகிறதோ?

கணக்கு_சார்:
பள்ளத்தை டேப் தாண்டிப் போகும் என்பது சரி. ஆனால் பலகையும் அதே பள்ளத்தைத் தாண்டித்தானே நிற்கிறது? எனவே இந்த மூன்று நூலுக்குப் பள்ளம் காரணமாக இருக்க முடியாது. மரத்தைச் சுற்றி எல்லாத் திசையிலும் பலகை வைத்துச் சராசரி எடுத்தால், இழுத்துச் சுற்றிய டேப் தரும் விட்டமேதான் வரும். நீங்கள் இரண்டு திசைதான் பார்த்தீர்கள். மூலைத் திசைகள் இரண்டையும் சேர்த்து நாலாக எடுத்துப் பாருங்கள்.

மரவாடி_மில்:
சார் சொல்றது சரி, ஆனா முதல்ல டேப்பப் பாருங்க. தனியா நின்னு சுத்துனா முன்பக்கம் நேரா இருக்கும், மரத்துக்குப் பின்னால ஏறியோ இறங்கியோ போயிடும். பின்பக்கம் நாலு விரக்கடை இல்ல, நாலு அங்குலம் ஏறிப் போச்சுன்னா இந்தப் பருமனுக்குச் சுத்தளவு முக்கால் அங்குலத்துக்கு மேலயே கூடும். விட்டத்துல அது ரெண்டு நூலுக்குக் கொஞ்சம் மேல. எப்ப தப்பா அளந்தாலும் கூடத்தான் காட்டும். தொங்குனாலும் கூடும், சாஞ்சாலும் கூடும், முடிச்சு மேல போனாலும் கூடும். அதனால ரெண்டு மூணு தடவ அளந்து வித்தியாசம் வந்தா சின்ன அளவுதான் நெசத்துக்குக் கிட்ட.

வரப்பு மரம்ங்கிறீங்க. ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் வயல் பள்ளமா இருக்கும். நாலரை அடிய மேட்டுப் பக்கத்துல இருந்து எடுங்க. பட்டையில செல் மண்ணு ஏறியிருந்தா கையால தட்டிவிட்டு அளங்க. பட்டையச் செதுக்க வேண்டாம்.

வேப்பமர_ஷெட்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். வாசல் வேப்ப மரத்தை வெட்டாமல் அதைச் சுற்றி கார் ஷெட் போடுகிறேன். கூரைத் தகடு வருகிற உயரத்தில் சுற்றளவு 60 அங்குலம். 19 அங்குலத்தில் வட்டமாக ஓட்டை போட்டால் மரம் நுழையுமா?

கணக்கு_சார்:
நுழையாது. 19 என்பது சராசரி. மரம் சப்பையாக இருந்தால் ஒரு திசையில் 21 கூட இருக்கலாம். உங்களுக்கு வேண்டியது அதிகபட்ச அகலம், அதை டேப் சொல்லாது, பலகை வைத்துத்தான் பார்க்க வேண்டும். காற்றில் ஆடும், வருடா வருடம் பருக்கும், அதற்கும் இடம் விடுங்கள்.

வரப்புத்தேக்கு:
இன்று காலை தம்பியைப் பின்பக்கம் நிறுத்தி அளந்தேன். வடக்குப் பக்கம் பட்டை மேல் உள்ளங்கை அகலத்துக்குச் செல் மண் அப்பியிருந்தது. தட்டிவிட்டு, மேட்டுப் பக்கம் நாலரை அடியில் சாக்பீஸால் கோடு போட்டு, அந்தக் கோட்டிலேயே டேப்பை இழுத்துச் சுற்றினோம். 43 வந்தது. இன்னொரு முறையும் 43. விட்டம் 13.7, பலகைச் சராசரிக்கு அரை நூல் மேலே. மூலைத் திசைகளை இன்னும் அளக்கவில்லை.

இப்போது வியாபாரி போனில் புதிதாக ஒன்று சொல்கிறார்: "பட்டைக்குச் சுற்றளவில் இரண்டு அங்குலம் கழிப்பேன்." இது நியாயமா?

மரவாடி_மில்:
அளந்து பாத்துட்டுப் பேசுங்க. கூர் ஆணிய மெதுவா அழுத்துங்க, கட்டை தட்டுற வரைக்கும் போகும். தேக்குப் பட்டை தடிமன் இல்ல. மூணு நூல்னே வச்சுக்கங்க. பட்டை ரெண்டு பக்கமும் இருக்கிறதால விட்டத்துல முக்கால் அங்குலம் போகும். சுத்தளவுல தடிமனப் போல ஆறே கால் மடங்கு, அதாவது 2⅜ வரைக்கும் போகும். உங்க விட்டம் 13 அங்குலத்துக்கு அரை நூல் குறைவா நிக்கும். அதனால அவர் கேக்குற ரெண்டு அங்குலம் அளவுல தப்பில்ல.

ஆசாரி_வீடு:
அளவுல தப்பில்ல சரி. ஆனா நாலா மடிக்கும்போதே இருபத்தி ஒண்ணரை போயிடுச்சே, அதுக்குள்ள பட்டையும் பலகைக் கழிவும் அடக்கம்னுதான் நாங்க கேள்விப்பட்டிருக்கோம். மேல மறுபடி பட்டைக்குக் கழிச்சா ரெண்டு தடவ கழிச்ச மாதிரி ஆகாதா?

மரவாடி_மில்:
அது ஊருக்கு ஊர் வேற. எங்க மரவாடியில பட்டைக்குத் தனியா கழிப்போம், ரேட்டு அதுக்குத் தக்க கூட இருக்கும். பக்கத்து ஊர்ல கழிக்க மாட்டாங்க, ரேட்டு குறைச்சல். தம்பி, இன்னும் ரெண்டு பேருகிட்ட விலை கேளுங்க. ரெண்டு பேருக்கும் பட்டையோட 43-ன்னு மட்டும் சொல்லுங்க, 11-ன்னோ 14-ன்னோ சொல்லாதீங்க.